ஓரம் படமெடுக்காத காசு

நாத்தனாரின் பட்டப்பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாலாம் நாள். வாசலில் தபால்காரர் ஒரு பார்சலோடு நின்று, "ஓரக்காரி வீடு இதுதானே?" என்றார். ஏதோ வேலித் தகராறு பண்ணுகிற பெண்பிள்ளை போலிருக்கிறது என்று அண்ணிக்குப் பயம். உள்ளேயிருந்து புருஷன் சிரித்தான். "என் தங்கச்சிதான். காசோட ஓரத்தப் பாக்காம அவளுக்குச் சோறு எறங்காது."

உண்மைதான். பழைய காசும் தபால்தலையும் ஏலம் விடுகிற கடையின் பின்னறையில் படமெடுப்பது நாத்தனாரின் வேலை. கேமரா ஒரு தாங்கியில் தலைகீழாகத் தொங்கும். கீழே சாம்பல் நிற அட்டை, பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோல், இரண்டு பக்கமும் விளக்கு. மற்றவர்கள் தலையும் பூவும் எடுத்தால் போதும் என்பார்கள். அவள் காசைக் குத்த வைத்து ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எடுப்பாள். விளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்தினால் காசின் மேலுள்ள ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் நிழல் விழும். அச்சில் அடித்த காசு கைபட்டுத் தேய்ந்தால், மேடான இடம் வழவழப்பாக மின்னும். உருக்கி வார்த்த போலிக் காசில் தேய்ந்த மாதிரி இருக்கிற இடத்திலும் தோல் சொரசொரப்பாக, ஊசிக்குத்து போலக் குழிகளோடு இருக்கும். "தேஞ்ச மாதிரி நடிக்குது அண்ணி, யார் கையும் படல" என்பாள்.

தபால்தலையிலும் அப்படித்தான். கடை முதலாளியின் மைத்துனர் ஒருமுறை முதல் அச்சு என்று ஒரு தபால்தலையைப் பெருமையாகக் கொண்டுவந்தார். அவள் அச்சுத் தகட்டின் அதே கட்டத்திலிருந்து வந்த பழைய தபால்தலையின் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். பழையதில் கோட்டோரம் மயிரளவு விரிசல். அவர் கொண்டுவந்ததில் அதே விரிசல் மூன்று மடங்கு நீண்டிருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு எடுத்த படத்தில், தாளுக்குள் இருக்க வேண்டிய நீர்க்குறியும் இல்லை. "அதுல விரிசல் கைக்குழந்த. இதுல பேரன் எடுத்துடுச்சு. தகடு கெழடான பொறவு திரும்ப அடிச்சது சார்" என்றாள். மைத்துனர் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை.

அண்ணியின் புருஷனுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. மெழுகில் பல் செய்து, மாவுக்குள் புதைத்து, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்தப் பொந்தில் உலோகத்தை ஊற்றுகிற வேலை. சட்டையெல்லாம் வெள்ளை மாவு படிந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவன் சட்டைகளை அண்ணி எத்தனை முறை துவைத்தும் அலமாரியைத் திறந்தால் மெழுகு வாசனை வந்தது. யாரோ கதவுக்குப் பின்னால் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

போன வருஷம் ஒரு மத்தியானம் நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு படங்களை வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளிக் காசு. ராஜாவின் கன்னத்தில் பிறை போல ஒரு வெட்டு. இரண்டிலும் அதே இடம், அதே வளைவு.

அந்த வெட்டு அவள் போட்டது. ஒன்பது வயதில் அப்பாவின் காசை மாடியிலிருந்து தவறவிட்டாள். கல்படியின் முனை கன்னத்தைக் கிழித்தது. அண்ணன் அவளை அறைந்தான். அறைந்ததற்கு அவன்தான் அப்புறம் அழுதான். அந்த மத்தியானத்துக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் அப்பாவின் காசை விற்கப்போவதாகச் சொல்லி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டி அடைத்து அவன்தான் அவளிடம் கொடுத்தான். அவள் இரண்டு முகத்தை மட்டும் எடுத்து ஏலப் புத்தகத்துக்கு அனுப்பினாள். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. வாழ்நாளில் ஓரம் எடுக்காமல் அவள் விட்ட ஒரே காசு அதுதான். அண்ணனிடம் போய் ஓரத்தைக் காட்டு என்று கேட்பார்களா?

இப்போது அந்தக் காசு பெட்டியில்லாமல் மறு ஏலத்துக்கு வந்திருந்தது. அதே வாரம் வேறொரு ஊரிலிருந்து இன்னொன்று.

"ஒரே காயம் ரெண்டு பேருக்கு வராது அண்ணி" என்றாள். மூன்றாவதாக, பெட்டியில்லாமல் வந்த காசின் ஓரப் படத்தை எடுத்து வைத்தாள். சுற்றிவர நெருக்கமாக நின்ற கோடுகள் ஓரிடத்தில் விரலகலத்துக்கு அறுந்திருந்தன. அங்கே மட்டும் அரம் போட்ட கீறல்கள் நீளவாக்கில் ஓடின. உருக்கிய உலோகம் அச்சுக்குள் போன வாயை அறுத்துத் தேய்த்த தழும்பு அது. கன்னத்து வெட்டின் கரைகூட மழுங்கிக் கிடந்தது.

"அப்பா காச வித்துட்டேன்னுதானே அண்ணன் சொன்னாரு?"

உண்மையைச் சொன்னால் புருஷன் இரண்டாம் தடவை சாவான் என்று அண்ணிக்குத் தெரியும். சொல்லாவிட்டாலும் இவள் காசோடு போகிற குறிப்பட்டையில் வார்ப்பு என்றுதான் எழுதுவாள் என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் மேசைத் துணியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து ஊசி டப்பாவை எடுத்து வந்து, அதற்குள்ளிருந்த அப்பாவின் காசை மேசையில் வைத்தாள்.

நாத்தனார் அதைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். வெட்டின் கரையில் வெள்ளி நசுங்கி, கூராக மேலெழுந்து நின்றது. ராஜாவின் காது மழமழவென்று மின்னியது. மூன்று தலைமுறைக் கட்டைவிரல் தேய்த்த மினுக்கம். தன்னிடமிருந்த இரண்டும் இதைவிட ஒரு மயிரிழை சிறியவை என்று, அசல் அளவில் அச்சிட்ட படங்களின் மேல் காசை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். ஆறும்போது உலோகம் சுருங்கும்.

"ஒருத்தருக்குத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. குடுக்க மனசு வரல. அதான் மொத ஒண்ணு செஞ்சாரு" என்றாள் அண்ணி. "அப்பறம் கை நிக்கல. மொத்தம் ஏழு. மெழுகுல நான்தான் தூசி தட்டிக் குடுத்தேன்."

அண்ணி கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "அவரு பேரு வெளிய வராம எழுத முடியாதா?"

"வார்ப்புன்னு எழுதலாம். எப்படித் தெரியும்னு கேப்பாங்க. தாய்க்காசோட படம் வேணும். அது யார் வீட்டுலன்னு கேப்பாங்க."

"அப்போ உன் பேரும்ல போகும்."

"பன்னெண்டு வருசம் முன்னாடியே போயிடுச்சு அண்ணி. இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது."

அப்பாவின் காசை அவள் ஒருநாள் இரவலாக வாங்கிப்போய், தலை, பூ, ஓரம் எல்லாம் எடுத்தாள். மூன்று காசையும் வரிசையாக வைத்து, கீழே தன் கையெழுத்தோடு, வார்த்தவன் தன் அண்ணன் என்றும், முதல் காசின் ஓரம் பார்க்காமல் விட்டது தானென்றும் எழுதி முதலாளியிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். படங்களை எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினார். அவளை மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னார். நல்ல மனுஷர்தான், குரல் உயர்த்தவில்லை.

அதற்குப் பிறகும் காசுகள் வந்தபடி இருந்தன. யார் யாரோ, எங்கெங்கிருந்தோ, படத்தை அவள் போனுக்கு அனுப்பி, இது அதுதானா என்று கேட்டார்கள். கன்னத்தில் பிறை தெரிந்ததும் அவள் போனை அண்ணியிடம் நீட்டுவாள். செத்தவன் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும் இருவருக்கும். ஒவ்வொரு முறையும் அண்ணி முந்தானையால் போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அப்படி ஆறு கணக்கில் வந்துவிட்டன. ஏழாவது யார் வீட்டில், எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியவில்லை.

ஓரக்காரி இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். அண்ணியோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள்.