எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் எண்ணெய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது தெரிந்துதான் என் ஃப்ரெண்ட் காலேஜிலிருந்து என்னோடு பழகுகிறாள். அன்று சனிக்கிழமை. அவள் என் தலையில் கட்டியிருந்த எண்ணெய்ப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஆனையூரிலிருந்த அவள் வீட்டுக்குப் போனேன். நான் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர். லேபிளைப் படிக்காமல் எதையும் தொடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

முடி வளரும் என்று வந்த அந்த எண்ணெயின் விளம்பர வீடியோவைப் பார்க்காத ஆளே அப்போது ஊரில் இல்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே மூன்று பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை வாட்ஸப் குரூப் வைத்து விற்றுவந்தாள்.

பாட்டிலை டைனிங் டேபிளில் வைத்தேன்.

"இதப் படிச்சுப் பாத்தியாடி? எது அதிகமோ அதத்தான் மொதல்ல போடுவான். மொதல்ல இருக்கறது லிக்விட் பாரஃபின். பெட்ரோலியத்துல இருந்து எடுக்கறது. தேங்காயெண்ணெய் அதுக்குப் பின்னாடி. நீ வாய் வலிக்கச் சொல்ற கரிசலாங்கண்ணி, சென்ட்டுக்கும் கீழ, கடைசில கெடக்கு."

"அது விஷமா?" என்றாள் பட்டென்று.

"விஷம்னு நான் சொன்னேனா? பிசுபிசுப்பு இருக்காது, முடி பளபளன்னு தெரியும். ஆனா முடி வளக்காது. நூறு மில்லிக்கு எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பதா? அந்தக் காசுக்குச் செக்குத் தேங்காயெண்ணெய் ஒரு லிட்டருக்கு மேலயே வாங்கலாம்."

"செக்கெண்ணெயில இந்த வாசன வருமா? மூணு மாசமா வாங்குறாங்க. ஒருத்தியாச்சும் கொற சொன்னாளா? ஒனக்கு மட்டும் எங்கருந்துடி வருது இம்புட்டு எரிச்சல்?"

"அவுக கொற சொல்ல மாட்டாக. இம்புட்டுக் காசு குடுத்து ஏமாந்தோம்னு எவ வாயத் தொறந்து சொல்லுவா?"

அவள் முகம் சிவந்துவிட்டது.  இதோடு எழுந்து போயிருக்கலாம். நானா போவேன்! "பதில் சொல்லுடி" என்று டேபிளைத் தட்டினேன்.

அப்போது அவள் போன் அடித்தது. எண்ணெய் எப்படிப் போகிறது என்று எனக்குக் காட்டவே ஸ்பீக்கரில் போட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அக்கா, முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. டாக்டரு தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாரு. கையில இருக்கற காசுக்கு டெஸ்ட்டு இல்லன்னா எண்ணெய், ரெண்டுல ஒண்ணுதான்க்கா முடியும். நீங்க குரூப்புல போட்ட போட்டோல இருக்காகள்ல, அவுகளுக்கு எத்தன மாசத்துல அம்புட்டு வளந்துச்சு? நெசமா வளரும்னா டெஸ்ட்ட அப்புறமாப் பாத்துக்கிருவேன்."

அவள் என்னைப் பார்த்தாள், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். எந்தப் போட்டோ என்று போனை இழுத்துப் பார்த்தேன். இடதுபக்கம் 'முன்பு'. வகிடு அகன்று மண்டைத் தோல் தெரிகிற உச்சந்தலை. வலதுபக்கம் 'பின்பு'. இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல், மாம்பழக்கலர்ச் சேலை, ஊதா பார்டர்.

அது என் சேலை. என் பின்னல். போன வருஷம் அவள் அண்ணன் மகள் காதுகுத்தில் பின்னாலிருந்து, "அசையாம நில்லுடி, அழகா இருக்கு" என்று எடுத்தது. அடிப்பாவி! அந்த எண்ணெயை ஒரு சொட்டுக்கூட நான் வைத்ததில்லை.  ஓங்கி ஒரு அறை விடலாம் போல ஆத்திரம் வந்தது.

"அக்கா, லைன்ல இருக்கீகளா?"

நானே சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"இருக்கேன்மா" என்றாள்.  "நீ மொதல்ல டெஸ்ட்ட எடு. இந்த எண்ணெய வாங்காத. அந்தப் பின்னல் என் ஃப்ரெண்டோடது. அவ இத வச்சதே இல்ல."

அந்தப் பெண், "அப்ப எடது பக்கத்துல இருக்கறது யாருக்கா?" என்று கேட்டாள்.

அவள் போனை டேபிளில் வைத்தாள். கையை உச்சிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு ஹேர்பின்னாக உருவினாள். இத்தனை நாள் அவள் முடி என்று நான் நினைத்திருந்த உச்சிக்கொண்டை கையோடு வந்தது. சவுரி. அதை எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் தலையில், போட்டோவில் பார்த்த அதே வகிடு.

"நாந்தாம்மா" என்றாள் போனைப் பார்த்து. "ஆறு பாட்டில் தேச்சுட்டேன்."