குறிப்பு இல்லாமல் அனுப்பிய பணம்

அந்த மெசேஜை எழுத எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. மரக்காணத்தில் மளிகைக்கடை நடத்துகிற பொம்பளைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியில் அரிசி, எண்ணெய், பருப்பு போடும் மூன்று மொத்த வியாபாரிகளுக்கும் இப்படி அனுப்பினேன்: 'வணக்கம். இனி சரக்குப் பணத்தை வாராவாரம் வியாழக்கிழமை மொத்தமாக பேங்க் வழியாக அனுப்புகிறேன். குறிப்பில் கடைப் பெயரும் பில் நம்பரும் இருக்கும். அதைப் பார்த்து வரவு வைத்துக்கொள்ளவும். அக்கவுண்ட் விவரம் அனுப்பவும்.'

காரணம் சாதாரணமானது. உப்பளத்து ஆட்கள்கூட இப்போது பீடிக்கும் போனைத்தான் நீட்டுகிறார்கள். கல்லாவில் ரொக்கமே சேர்வதில்லை. சரக்குக்காரர்களுக்குக் கொடுக்க வாராவாரம் கடையைப் பூட்டிக்கொண்டு ஏடிஎம்முக்கு ஓடினேன். அங்கே பாதி நாள் பணம் இருக்காது. எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே, வெயிலில் நின்று மெஷினைத் திட்டிவிட்டு வருவேன்.

அரிசிக்காரர், "ஒரு வாரம் தள்ளிப்போனாலும் லோடு வராதும்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார். எண்ணெய்க்காரர் கட்டைவிரல் படம் அனுப்பினார். கூனிமேட்டுப் பருப்புக்கடை பாய் மட்டும் நேரில் வந்தார். அவர் வியாழன் தோறும் மொபெட்டில் வந்து ரொக்கம் வாங்கிப்போகிறவர்.

"ஏம்மா, நான் வர்றது தொந்தரவா இருக்குதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல பாய். உங்களுக்குத்தான் அலைச்சல்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, மகன் எழுதிக் கொடுத்த அக்கவுண்ட் நம்பரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். முதலில் ஒரு ரூபாய் அனுப்பினேன். அவர் மகனுக்குப் போன் போட்டு, வந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மீதியை அனுப்பினேன். சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. மகள் பெங்களூரில். கடைக்கு வருகிறவர்கள் என்ன வேண்டும் என்று சொல்வார்கள், ஸ்கேன் பண்ணுவார்கள், போய்விடுவார்கள். பாய் மட்டும்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்பார். மருமகள் வைக்கிற குழம்பைக் குறை சொல்வார். என் கடைப் புளி ரேட்டைப் பார்த்து, "கொள்ளை அடிக்கிறியேம்மா" என்று கிண்டல் பண்ணுவார். எல்லாம் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நானே ஒரு மெசேஜ் போட்டு நிறுத்தியிருக்கிறேன் என்பது இரண்டாவது வியாழக்கிழமைதான் உறைத்தது. சரக்கை எப்போதும்போல ஆட்டோக்காரர் இறக்கிவிட்டுப் போனார். ஸ்டூலில் நான் துவரம்பருப்பு மூட்டையைச் சாய்த்து வைத்தேன்.

நான்கு வியாழன் போயின. ஐந்தாவது வாரம் உளுந்தில் வண்டு இருந்தது. இரண்டு பாக்கெட்டைத் திருப்பி அனுப்பி, அதன் விலையைக் கழித்து மீதியை அனுப்ப வேண்டும். போனில் குறிப்பு எழுதும் கட்டம் காலியாக இருந்தது. பில் நம்பர் கையிலேயே இருக்கிறது. ஆனாலும் எழுதவில்லை. இந்த வாரத்துக்கே மூன்று பில் இருக்கிறது, தொகையோ எதோடும் ஒத்துப்போகாது. எதற்கு வந்த பணம் என்று கேட்டாக வேண்டும், கேட்க அவரே வருவார் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஐம்பது வயதில் செய்கிற காரியமா இது? வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டு, பருப்பு மூட்டையை ஸ்டூலிலிருந்து இறக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. அவர் மகன்.

"அக்கா, குறிப்புல ஒண்ணுமே இல்லியே. எந்த பில்லுக்கு வரவு வைக்கட்டும்?"

மூன்று பில் நம்பர்களையும் திருப்பி அனுப்பிய உளுந்தையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் கேட்டேன். "அப்பா ஏம்பா இந்தப் பக்கமே வர்றதில்ல?"

"எல்லாக் கடையும் எப்பவோ பேங்க்ல போட ஆரம்பிச்சிட்டாங்கக்கா. உங்க ஒரு கடைக்குத்தான் வந்துட்டு இருந்தாரு. கண்ணு வேற சரியில்ல, சொன்னா கேக்க மாட்டாரு. உங்க மெசேஜ் வந்தப்புறம்தான் சம்மதிச்சாரு. வண்டிய வித்துட்டோம். நல்ல வேல பண்ணீங்கக்கா."

"அவர்கிட்ட போனக் குடுப்பா" என்றேன்.

"என்னம்மா" என்றார் பாய். தூரத்தில் டிவி சத்தம் கேட்டது.

"பணம் வந்துடுச்சா பாய்?"

"வந்துடுச்சுன்னு பையன் சொன்னான்மா."

"சரி பாய்."

"சரிம்மா."

ஸ்டூலில் உட்கார்ந்தால் வாய் மூடாத மனுஷர், போனில் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப வெச்சிடட்டுமாம்மா?" என்று அவர்தான் கேட்டார். வைத்துவிட்டேன். கடையில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அழுதேன்.