மூன்றா, நாலா

சவூதியிலிருந்து இலங்கைக்கு, சொந்த ஊரான கல்பிட்டிக்குத் திரும்பிய நாளிலிருந்து ஊர் என்னை ஹாஜியார் என்றது. ஹஜ்ஜுக்குப் போகவில்லை, தண்ணீர்ப் போத்தல் கம்பனியில் கணக்கெழுதினேன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. மரியாதையை மறுப்பது அதைச் சம்பாதிப்பதைவிடக் கஷ்டம்.

ஜனவரியில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். சவூதியில் அவள் இரண்டாம் வகுப்பு முடித்து, மூன்றாம் வகுப்பில் பாதி வரை படித்திருந்தாள். மூன்று என்று ஒரு கணக்காளனின் நிச்சயத்தோடு கதிரையில் உட்கார்ந்தேன்.

அதிபர் பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்தார். "நாலாம் ஆண்டு."

"சேர், ரெண்டுதான் முடிச்ச புள்ள!"

"ஹாஜியார், அங்க ஆறு வயசுல ஒண்டாம் வகுப்பு. அதுவும் செப்டம்பர்ல தொடங்குற. இங்க அஞ்சு முடிஞ்சா ஜனவரியில ஒண்டு. இவ பொறந்த வருசத்துப் புள்ளைகள் இப்ப நாலுலதான் இரிக்கி."

கணக்கு சரி. ஆனால் எனக்குப் பயம் வேறு. நாலில் போட்டால் அடுத்த வருடமே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. மகளோ தமிழில் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கொப்பியைக் கொடுத்தால் அரபுப் பழக்கத்தில் பின் அட்டையிலிருந்து திறப்பாள். ஒரு வருடம் கீழே இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று, படித்ததையெல்லாம் திரட்டி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அதிபர் பொறுமைசாலி. "சரி, பதியிறதுக்கு முந்தி ரெண்டு நாள் மூண்டுல இருத்திப் பாப்பம்" என்றார்.

முதல் நாள் மத்தியானமே மகள் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள்.

"நான் போகமாட்டன்."

"டீச்சர் ஏசினாவா?"

"இல்ல. எல்லாரும் என்னத் தாத்தா எண்டு கூப்புடுறாங்க. ஒரு புள்ள மூக்குத் தொடச்சி உடச் சொல்லுது!"

எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா என்போம். அழைத்த பிள்ளைகளிடம் துளி கேலி இல்லை. உயரத்தைப் பார்த்து முறையாகத்தான் அழைத்திருக்கிறார்கள். மரியாதைதான். அதை மறுத்துத் தோற்ற அனுபவம் எனக்கு இருந்தது.

மனைவி சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "தமிழ் வாசிக்கப் பழகலாம். ஒரு வயசு கூடின புள்ளயா வருசம் முழுக்க இரிக்கப் பழகணுமா?"

மறுநாள் அதிபரிடம் போனேன். அவர் சிரிக்காமல் இருந்தது பெருந்தன்மை. நாலாம் ஆண்டில் பதிந்தார். தமிழ்ப் பாடத்துக்கு மட்டும், கொஞ்ச காலம், இரண்டாம் ஆண்டு டீச்சரிடம் போய் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

அங்கே இன்னும் சின்னப் பிள்ளைகள். போய்வந்த மகளிடம் பயந்துகொண்டே கேட்டேன்: "அங்கயும் தாத்தா எண்டுதான் கூப்புடுறாங்களா?"

"ஓம். கூப்புடட்டும்" என்றாள், கொப்பியை முன்பக்கம் திருப்பிக்கொண்டு. "மணி அடிச்சா நான் என்ட வகுப்புக்குப் போயிருவன்தானே."

பரீட்சைப் பயம் இன்னும் போகவில்லை. அது எனக்கு மட்டும்.