வைஃபையில் ஓடிய பாட்டு

எங்களுக்குள் வந்த சண்டையெல்லாம் ஸ்பீக்கரைப் பற்றித்தான். எனக்கு ப்ளூடூத் போதும். என் கணவருக்கு வைஃபைதான். "ப்ளூடூத் பாட்டைச் சுருக்கி அனுப்புதும்மா. வைஃபைல முழுசா வரும்," என்பார். "என் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்பேன். மொட்டைமாடியில் மட்டும் நான் ஜெயிப்பேன். அங்கே வைஃபை சரியாக எட்டாமல் பாட்டு திக்கும். போனைப் பக்கத்தில் வைத்து ப்ளூடூத்தில் போட்டால் தடங்கல் இல்லாமல் பாடும்.

அன்று காலை கூடத்தில் வைஃபையில் பாட்டுப் போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனோம். போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மத்தியானம், அவருக்கு உடுத்த வேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வைஃபையில் ஸ்பீக்கர் தானே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட் என்று அவர்தான் சொல்லிச் சொல்லி மாய்வார். பாழாய்ப்போன ப்ளூடூத்தாக இருந்திருந்தால், அவர் தெருமுனை தாண்டும்போதே நின்றிருக்கும்.

ஆம்புலன்ஸ் போன பிறகு வீடு திரும்பியதால் விஷயம் தெரியாத எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் உள்ள கீறாராக்கா? காலைலேர்ந்து பாட்டு ஓடிகினே கீது."