முதல் வரியில் சாமி பெயர்

மீனாவுக்குக் கோபம் வந்தால் புடவை மடிப்பாள். அன்று காலை கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே மடித்து வைத்த புடவைகளைப் பிரித்துப் போட்டு மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். கடையில் யாரும் அவளிடம் பேசவில்லை.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் சித்தையன் ஜவுளிக்கடைக்கு அவள் வந்து பத்தொன்பது வருடமாகிறது. ஹனூரிலிருந்து வந்தபோது கன்னடம் பேச வரும், எழுத வராது. பில் எழுதுபவர் கையைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றாள். கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கியபோது அதையும் யாரும் சொல்லித்தரவில்லை. வெளிச்சம் எங்கிருந்து விழுந்தால் பட்டின் நிறம் மாறாமல் தெரியும் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் பிடித்தது. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே வீடியோவில் பேசுவாள். ஒரு நூல் இழுத்திருந்தால் அதையும் காட்டுவாள். அதனாலேயே கொள்ளேகால், ஹனூர் பக்கத்துப் பெண்களுக்கு அவள் முகம் பழகிவிட்டது.

அந்த முகத்தைத்தான் திருடிவிட்டார்கள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, "ஆண்டுவிழா ஆஃபர் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். கடையில் அப்படி ஒரு ஆஃபரே கிடையாது. கடைப் பக்கத்திலிருந்து தேடினால் எதுவும் அகப்படவில்லை. போலிக்காரன் கடைப் பக்கத்தை பிளாக் செய்துவிட்டுத்தான் கடையே திறந்திருந்தான். உடன் வேலை செய்யும் சௌம்யாவின் போனில் தேடியபோது கிடைத்தது. அதே பெயர், நடுவில் ஒரு புள்ளி கூடுதல். அதே கடைப் படம். உள்ளே மீனாவின் வீடியோக்கள். கீழே, இரண்டு பட்டுப்புடவை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய், முன்பணம் அனுப்பினால் வீட்டுக்கே வரும் என்று எழுதியிருந்தது.

ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுத்தார்கள். பழகிய வாடிக்கையாளர்களையும் கொடுக்கச் சொன்னார்கள். நான்காம் நாள் அந்தப் பக்கம் மறைந்தது. ஆறாம் நாள் வேறொரு எழுத்து கூடி மறுபடியும் முளைத்தது. அன்றுதான் எச்சரிக்கை போட்டுவிட வேண்டும் என்று மீனா உட்கார்ந்து எழுதினாள்.

முதலாளி சித்தையன் அதை வாங்கிப் படித்தார். "என்ன மீனா, எடுத்த எடுப்புல மோசடின்னு ஆரம்பிக்கற? கடை நோட்டீஸ்னா ஒரு மரியாதை வேணாமா?"

அவர் அப்பா காலத்து நோட்டீஸ் முறை அது. எது அச்சடித்தாலும் மேலே 'ஸ்ரீ மலை மாதேஸ்வரர் துணை'. அடுத்தது, நெடுங்காலமாக ஆதரவு தந்துவரும் வாடிக்கையாளப் பெருமக்களுக்குப் பணிவான வணக்கம். பிறகுதான் சமாசாரம். படமும் சாமி படமாக இருக்கட்டும் என்றார். மீனா ஒரு தடவை மறுத்துப் பார்த்தாள். அப்புறம் அவர் சொன்னபடியே போட்டாள்.

இப்போது, ஹனூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த கமலம்மாள் கடை நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாள் மாலை அந்த ஆஃபருக்குப் பணம் அனுப்பியிருந்தாள். அதன் பிறகு பார்சல் கட்டணம் என்று இன்னும் எண்ணூறு கேட்டிருக்கிறார்கள். கடைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டாள். வந்த பிறகுதான் தெரிந்தது.

மீனா உடனே ஆன்லைன் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டு அவளையே பேசவைத்தாள். எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பணம் போனதற்கான நீள எண் எது என்றெல்லாம் கேட்டார்கள். கமலம்மாளின் போனில் அந்த எண்ணைத் தேடி எடுத்து மீனா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் நிறுத்திவைக்க முடியும், எடுத்துவிட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது.

"கெடைச்சிருமா அம்மிணி?" என்றாள் கமலம்மாள்.

"சொல்ல முடியாதுங்க அக்கா. ராத்திரியே கூப்பிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"எனக்கென்ன தெரியும்? உன்ற மொகத்தப் பாத்துத்தான குடுத்தேன். நம்ம ஊருப் புள்ள, நூலு இழுத்திருந்தாக்கூடச் சொல்லுவாளேன்னு."

மீனாவின் கை நின்றது. "எச்சரிக்கை போட்டிருந்தோமே அக்கா. போன வாரம். பாக்கலையா?"

"பாக்காம என்ன. மாதேஸ்வரர் படம் போட்டு வணக்கம் சொல்லியிருந்தீங்க. நானும் கும்பிடு போட்டேனுங்."

கமலம்மாள் போனை எடுத்துக் காட்டினாள். சாமி படம். அதன் கீழே இரண்டு வரி. மாதேஸ்வரர் துணை, நெடுங்காலமாக ஆதரவு. அதோடு மூன்று புள்ளி வைத்து வரி அறுந்துபோயிருந்தது. மிச்சத்தைப் படிக்க அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். யார் தொடுவார்கள்? கீழே இருநூறுக்கு மேல் கும்பிடும் கைகள். ஒருவர்கூட எச்சரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இதை அவள் ஆறு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கும்பிடு நிறைய வந்திருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லவும் சொன்னாள்.

அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போனை வாங்கிக் கல்லாவில் சித்தையன் முன்னால் வைத்தாள்.

"படிங்க அண்ணா."

"நாம போட்டதுதானே."

"எங்கயாவது மோசடின்னு இருக்கா பாருங்க. தொடாம பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உள்ள இருக்குல்ல?"

"உள்ள இருந்து என்ன பிரயோஜனம்? வாசல்ல திருடன் நிக்கிறான்னு கொல்லைப்பக்கம் எழுதி வச்சிருக்கோம்."

"சாமி பேர எடுக்கச் சொல்றியா? ஹாகெல்லா பேட, அப்படியெல்லாம் வேண்டாம்."

"வேண்டாம்னா வேண்டாம். கடைசியில போடுறேன். கோவிச்சுக்கிட்டா என்மேல கோவிச்சுக்கட்டும். இந்தக்கா ஏமாந்தது சாமியால இல்ல. நம்மால."

சித்தையன் கமலம்மாளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. காபி வாங்கி வரச் சொன்னார். கமலம்மாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மீனா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். பழைய பதிவையே திருத்தினால் பார்த்தவர்கள் மறுபடி பார்க்க மாட்டார்கள் என்று புதிதாகப் போட்டாள். படத்தில் சாமியும் இல்லை, புடவையும் இல்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக ஒரே வாக்கியம், மேலே கன்னடத்தில், கீழே தமிழில். அதே வாக்கியம்தான் அடியில் முதல் வரியும்:

'இந்தப் பக்கத்தில் புடவை பார்க்கலாம், வாங்க முடியாது.'

"வாங்க முடியாதுன்னா வர்றவங்களும் வரமாட்டாங்களே," என்றார் சித்தையன்.

"கடைக்கு வந்து வாங்குவாங்க. நாம என்ன போன்லயா விக்கிறோம்?"

அடுத்து எழுதினாள்: 'எங்களுக்கு ஆஃபர் இல்லை, குலுக்கல் இல்லை, முன்பணம் இல்லை. என் முகத்தைக் காட்டி யார் பணம் கேட்டாலும் அது நான் இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டில் இருக்கும் எங்கள் பழைய பில்லை எடுத்து, அதில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் எங்களைக் கூப்பிடும் முன் 1930ஐக் கூப்பிடுங்கள்.'

வேண்டுமென்றேதான் கடை எண்ணைப் போடவில்லை. போட்டால் எச்சரிக்கையையே நகல் எடுத்து, எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவான். எல்லாம் எழுதி, அடியில் 'மீனா' என்று பெயர் போட்டு, அதற்கும் அடியில் மாதேஸ்வரரை எழுதினாள். கமலம்மாளின் போனில் திறந்து, எதையும் தொடாமல் படிக்கச் சொன்னாள்.

கமலம்மாள் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். "வாங்க முடியாது" வரைக்கும் முழுசாக வந்தது.

"இத மொதல்லயே எழுதறதுக்கென்ன?" என்றாள்.

மீனா பதிவைப் பக்கத்தின் உச்சியில் நிற்கும்படி பின் செய்தாள்.

மத்தியானம் கடைப் போன் அடித்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரு பெண். பழைய பில்லைப் பார்த்துக் கூப்பிட்டதாகச் சொன்னாள். பணம் அனுப்ப எண்ணெல்லாம் போட்டுவிட்டாளாம், பின் நம்பர் மட்டும் பாக்கியாம்.

"அனுப்பாதீங்க," என்றாள் மீனா. "அந்தப் பக்கத்தோட பேரப் படிச்சுச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இது மூன்றாவது பக்கம். சௌம்யாவின் போனை வாங்கி மறுபடியும் புகார் கொடுக்க உட்கார்ந்தாள்.