தண்ணீர் வராது என்ற பதிவின் கீழே நான் வெட்டிய கேக்

ஐம்பது வயதில் ஒருவனுக்குப் பதற்றம் வந்தால் கைதான் நடுங்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வலது காது சுட்டது. மும்பையில், குர்லாவைத் தாண்டிய ஹார்பர் லைன் மின்வண்டியில், ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் போனுமாகத் தொங்கிக்கொண்டு, நான் என்ன செய்துவிட்டேன் என்று நானே மூன்று முறை வாசித்தேன்.

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் நண்பன், எங்கள் பேட்டைத் தமிழர்களுக்கான முகநூல் பக்கத்தில் அன்று ஒரு பதிவு போட்டிருந்தான். 'சனிக்கிழமை பகல் தண்ணீர் வராது, முந்தின நாளே பிடித்து வைக்கவும்.' யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கம். நான் கமெண்ட் பெட்டியைத் திறந்து, நல்லதாக ஒரு கிண்டல் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் திரையின் மேலே அவன் மனைவியின் வாட்ஸ்அப் செய்தி இறங்கியது: 'அண்ணாச்சி, கேக் யாரு எடுத்துட்டு வாரது?' மேலே வாசித்தேன். கீழே திறந்திருந்த பெட்டியில் பதில் அடித்து அனுப்பினேன்.

'கேக் நான் எடுத்துட்டு வாரேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை, மாட்டுங்கா ஹால். பயபுள்ளைக்குத் தெரியாம பாத்துக்கிடுங்க, மூஞ்சியப் பாக்கணும்!'

இதன் முன்கதையைச் சொல்லியாக வேண்டும். என் நண்பனுக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். தேதி தெரியாத தகப்பன்மார் தலையைச் சொறிய, தலைமையாசிரியர் அவரே ஒன்று போட்டுக்கொள்வார். 'அது ஹெட்மாஸ்டருக்குப் பொறந்தநாளுலே' என்று சொல்லி இவன் ஒருநாளும் மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. அவன் மனைவி யாரிடமும் சொல்லாமல் மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. தேதி, நேரம், அப்பா பெயர், அம்மா பெயர், ஆண் என்று மட்டும் இருந்தது. அதை வைத்து, பெயரைச் சேர்க்க மனு எழுதி, கடைசியில் சான்றிதழ் வாங்கிவிட்டாள். பிறந்தது நவம்பரில். அந்தத் தேதி வருவது இந்தச் சனிக்கிழமை. அவனுக்கு உண்மையான தேதி என்று ஒன்று இருப்பதையே அவன் அந்த ஹாலில்தான் கேட்கவேண்டும் என்பது அவள் ஆசை. தண்ணீர்ப் பதிவுக்கு அடியில் அல்ல.

என் கமெண்டுக்கு அதற்குள் இரண்டு சிரிப்பு விழுந்திருந்தது. 'தண்ணியே இல்லங்கான், கேக்கு எதுக்கு?' என்று ஒருவர். 'யாருக்கு அண்ணாச்சி?' என்று இன்னொருவர். என் சமாளிப்புப் பதிலின் முதல் வரைவு இது: 'மேற்கண்ட கருத்து தவறுதலாகப் பதியப்பட்டது. சனிக்கிழமை யாருக்கும் எந்த விழாவும் இல்லை, குறிப்பாக இந்தக் கடைக்காரருக்கு இல்லை.' நல்லவேளை, செம்பூருக்கு முன்னால் சிக்னல் போனது. என்னைக் காப்பாற்றியது என் அறிவு இல்லை, போன் கம்பெனி.

செம்பூரில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே நின்று அவளுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். திட்டவில்லை.

"அவுக பேரு போட்டியளா?"

"இல்லம்மா. பயபுள்ளைன்னுதான்."

"பொறந்தநாளுன்னு?"

"இல்ல."

"அவுக பதிலு எதுவும் போட்டாகளா?"

"இன்னும் இல்ல. அழிச்சிரட்டுமா?"

"அழிச்சிராதீய! பதிவு அவுகளோடது, நீங்க போட்டதும் அவுக போனுல மணி அடிச்சிருக்கும். மேல ரெண்டு வரி தெரிஞ்சிருக்கும். உள்ள வந்து பாக்கையில காணலைன்னா, என்னத்தலே அழிச்சேன்னு உங்களப் பிடிப்பாக. நீங்க ரெண்டு நிமிசம் தாங்குவியளா?"

தாங்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

"திருத்தவும் செய்யாதீய. முன்னால என்ன இருந்துச்சுன்னு தொட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும். உங்க மச்சினருக்குப் பிரமோஷன் வந்துச்சுல்லா? அவருக்குன்னு சொல்லுங்க. பாதி நெசமா இருக்கட்டும், உங்களுக்கு ஞாபகம் வச்சிக்கிட லேசு. தனி கமெண்டாப் போடாதீய, யாருக்குன்னு கேட்டாகள்ல, அவுகளுக்கு அடியில போடுங்க. ரொம்ப நீட்டாதீய."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். 'என் மச்சினனுக்கு, பிரமோஷன். வாட்ஸ்அப்ல போடவேண்டியத இங்க போட்டுத் தொலைச்சிட்டேன். நீங்க தண்ணியப் பிடிச்சு வைங்க.'

திரும்ப வாசித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் செய்த தப்பை அது மறைக்கவில்லை, அப்படியே ஒத்துக்கொண்டது. ஆளை மட்டும் மாற்றியது. கடைசியில் பேச்சைத் தண்ணீருக்கே திருப்பிவிட்டது. முப்பது வருடமாக நான் ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைப்பவன். இவ்வளவு கச்சிதமான பொய் ஒன்று எனக்கு அமைந்ததே இல்லை.

அந்த முகநூல் பக்கத்தில் இருக்கிற நம் ஆட்கள் யாரும் வாய் திறக்காதபடி அவளே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினாள். மச்சினனிடம் சொல்வது என் பங்கு.

"அத்தான், எனக்கு எதுக்கு பார்ட்டி? பிரமோஷன் வந்து ஆறு மாசம் ஆச்சே."

"உனக்கு இல்லடா. ஆனா உனக்குத்தான்."

"குடிச்சிருக்கீங்களா?"

அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் முகநூலில் நண்பனின் பதில் வந்துவிட்டது: 'ஏலே, ஒன் மச்சினனுக்கு விசேசம், எனக்குச் சொல்லலியா? நானும் வாரேன்.'

இப்போது இடது காதும் சுட்டது. மறுபடி அவளுக்கே போன். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"அண்ணாச்சி, சனிக்கிழமை சாயங்காலம் கடைய அடைக்க வைக்கிறது எப்படின்னு ரெண்டு வாரமா மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப அவுகளே வாரேங்காக. வரச் சொல்லுங்க!"

சனிக்கிழமை ஐந்து மணிக்கே அவன் ஷட்டரை இறக்கிவிட்டான். நான் பார்த்து அது முதல் தடவை. டாக்ஸியில் மாட்டுங்கா வரை பலூன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு உபதேசம் செய்தான்.

"ஊரே பாக்குற எடத்துல போய்ப் போடுதியே, மூள இருக்கால ஒனக்கு? ஒன் மச்சினன் பாத்திருந்தா என்ன ஆவும்? ரகசியம்னா சும்மாவா?"

"தப்புதான்லே."

"என்கிட்ட விட்டுரு. நான் பாத்துக்கிடுதேன். டென்ஷன் நஹி லேனே கா" என்று பம்பாய் இந்தியில் தைரியம் வேறு சொன்னான்.

ஹாலில் விளக்கை அணைக்கச் சொன்னவன் அவன். நாற்காலிகளுக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்து, "யாரும் மூச்சு விடப்படாது, சொல்லிட்டேன்" என்று அதட்டியவனும் அவன்தான். நாற்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். எல்லாரும் பயத்தில் நடுங்குகிறார்கள் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். பக்கத்தில் அவன் மனைவி முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த இருட்டிலும் அவளைப் பார்த்து எனக்குக் கும்பிடத் தோன்றியது.

மச்சினன் கதவைத் திறந்தான். விளக்கு வந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் என் நண்பன். மச்சினன் நேரே அவனிடம் நடந்து வந்து ஓர் உறையை நீட்டினான்.

"எனக்கு என்னத்துக்குப்பா? இன்னைக்கு ஒனக்குல்லா!"

பிரித்தான். மாநகராட்சி முத்திரையைப் பார்த்ததும் கடை லைசென்ஸ் ஏதோ என்று முகம் மாறியது. பிறகு தன் பெயரைப் பார்த்தான். அப்பா பெயரை விரலால் தொட்டான். தேதியில் விரல் நின்றது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"இது... நானா?"

"நீங்கதான். காலையில ஏழு மணிக்குப் பொறந்திருக்கிய" என்றாள் அவள்.

கடையில் நாள் முழுக்கக் கத்துகிறவன் கையில் இன்னும் ஊதாத பலூன் ஒன்றை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் ஒரு ஜோக் வைத்திருந்தேன். அதை விழுங்கிக்கொண்டு கேக்கைப் பிரித்தேன்.

மறுநாள் காலை என் போனில் மணி அடித்தது. தண்ணீர்ப் பதிவின் கீழே, நான் அழிக்காமல் விட்ட அந்தக் கமெண்டுக்கு அவன் பதில் போட்டிருந்தான்:

'மூஞ்சியப் பாத்தியாலே?'