செருப்பு கழன்றது எப்போது

மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில், ஆர்த்தோ என்கிற எலும்புச் சிகிச்சை வார்டில் எனக்கென்று ஒரு நோயாளியை ஒதுக்கினார்கள். நத்தம் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது. புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் புளி உலுக்குபவர். மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் விழுந்துவிட்டன என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நான் தினமும் போய் அவரிடம் பேசி, உடலைச் சோதித்து, குறிப்பெடுத்து, கடைசியில் முழு கேஸ் ஷீட்டாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு.

அவருடைய மனைவிதான் கூட இருந்தார். சிறிய உருவம், ஓயாத கை. போர்வையை இழுத்துவிடுவார், சிறுநீர்ப் பை நிறைந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பார், கணவர் வாயைத் திறக்குமுன் தானே பதில் சொல்லிவிடுவார்.

"எந்தம்பிதேன் ஏறச் சொன்னான்," என்றார் முதல் நாளே. "மேலுக்கு முடியலைன்னு இவுக சொல்லியும் கேக்கல. ஏறுங்க மச்சான், ஏறுங்க மச்சான்னு நின்னான். இப்பக் கால் ரெண்டையும் வாங்கிட்டான்."

அந்தத் தம்பியை நானும் பார்த்தேன். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வருவார். உள்ளே வரமாட்டார். வார்டு வாசலில் ஒரு தூக்குவாளியோடு நிற்பார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நர்ஸ் யாராவது தூக்கை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். மறுநாள் காலையில் அது திறக்காமலே கிடக்கும். ஒருமுறை என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "மச்சானுக்குக் கால் அசைஞ்சுச்சா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

என் குறிப்புகள் ஒழுங்காக இல்லை. ஒரு நாள் ரவுண்ட்ஸுக்கு நடுவில் கேட்டது, ஒரு நாள் அவர் தூக்கக் கலக்கத்தில் சொன்னது, இன்னொரு நாள் மனைவி சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது அவரே நிதானமாகப் பேசியது. எல்லாம் துண்டுத் தாள்களில் இருந்தன. சில என் போனில் இருந்தன. கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதும், ஒரு ஞாயிறு மதியம் விடுதிச் சாப்பாட்டு அறையில் ஒரு நீண்ட மேசையைப் பிடித்து அத்தனையையும் பரப்பினேன். கேஸ் ஷீட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நோயாளி எதற்காக வந்தார் என்பது. அடுத்து அந்த நோய் எப்போது, எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்பது. பிறகு முன்பு வந்த நோய்கள், குடும்பம், பழக்கவழக்கம், தொழில். அதற்கப்புறம்தான் பரிசோதனை. பெயரும் மருத்துவமனை எண்ணும் எழுதக் கூடாது. எங்கள் உதவிப் பேராசிரியர், நாங்கள் மேடம் என்று அழைப்பவர், ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "கேட்ட வரிசையில எழுதாதீங்க. நடந்த வரிசையில எழுதுங்க."

முதல் வாக்கியம் சுலபமாக வந்தது. 'மரத்திலிருந்து விழும்வரை நோயாளி நலமாக இருந்தார்.' அடுத்து, விழுந்ததும் எழுந்து நிற்க முடியவில்லை. அடுத்து, சிறுநீர் போகவில்லை. ஊரில் சில நாள் எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள், பிறகு இங்கே வந்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

பரிசோதனைத் தாளைப் படியெடுக்கும்போதுதான் முதல் சந்தேகம் வந்தது. கால்கள் விறைப்பு. முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுகிறது. பாதத்தைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கி எழுகிறது. இதையெல்லாம் நானே பார்த்து எழுதியிருந்தேன். ஆனால் தண்டுவடம் திடீரென்று அடிபட்டால் முதலில் சில நாட்களோ வாரங்களோ கால்கள் துவண்டு கிடக்க வேண்டும். விறைப்பு பிறகுதான் வரும். இவர் விழுந்து அதிக நாள் ஆகவில்லை. நான்தான் தப்பாகச் சோதித்தேனோ என்று நினைத்தேன்.

மற்றத் தாள்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக்கொண்டே போனேன். 'முன்பு வந்த நோய்கள்' என்ற தலைப்பில்: சாயங்காலமானால் மேல் கதகதக்கும், மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள், படுத்தால் முதுகு வலிக்கும். 'பழக்கவழக்கம்' என்ற தலைப்பில்: சாப்பாடு இறங்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். 'தொழில்' என்ற தலைப்பில்: தோப்பில் நடக்கும்போது செருப்பு கழன்று விழும், கழன்றதே தெரியாது.

அந்தக் கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் பலவீனம் என்று வருகிற எல்லோரிடமும் கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்வி அது. செருப்பு கழல்கிறதா, கழல்வது தெரிகிறதா. தெரிந்து கழன்றால் தசை வலு குறைகிறது என்று அர்த்தம். தெரியாமல் கழன்றால் உணர்ச்சியும் போகிறது. பட்டியலில் இருந்ததால் கேட்டேன், அவர் சொன்னார், எழுதினேன், மறந்தேன். ஆனால் விழுந்த பிறகு இந்த மனிதர் ஓர் அடிகூட நடக்கவில்லை. அப்படியென்றால் செருப்பு கழன்றது விழுவதற்கு முன்னால்.

துண்டுத் தாள்களை மறுபடியும் அடுக்கினேன், இந்த முறை தலைப்புப்படி இல்லாமல் காலப்படி. சாயங்காலக் காய்ச்சல். உடம்பு இளைப்பு. படுத்தால் முதுகு வலி. செருப்பு. அதற்கப்புறம்தான் மரம். அவர் விழுந்ததால் கால் போகவில்லை. கால் போய்க்கொண்டிருந்ததால் விழுந்திருந்தார். வரிசையைப் பார்த்தால் முதுகெலும்பில் காசநோய் என்றுதான் தோன்றியது. விறைப்பும் பொருந்தியது: தண்டுவடம் மெல்ல மெல்ல நசுங்கினால் கால்கள் தொடக்கத்திலிருந்தே விறைக்கும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது உண்மையான நினைவாக இருக்காது. கணக்கு விடை வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். அதோடுதான் வார்டுக்கு ஓடினேன்.

அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மனைவி முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணே, செருப்பு கழலுதுன்னு சொன்னீங்கள்ல. அது எப்பத் தொடங்குச்சு?"

"அது ஆச்சும்மா. காய் பழுக்கறதுக்கு முன்னாடியே."

"விழுந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? அடிக் கிளையிலதான் நின்னீங்களா?"

"அடிக் கிளைதேன். ஒசரமெல்லாம் இல்ல. கால் எங்கிட்டு வைக்கிறோம்னே தெரியல. கிளையில வச்சமாதிரிதேன் இருந்துச்சு. வைக்கல போல."

மனைவி தலையணையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"நாந்தான பாத்தேன்," என்றார் மெதுவாக. "வரப்புல செருப்பு கெடந்துச்சு. இவுக பாட்டுக்கு நடந்து போய்க்கிட்டே இருக்காக. மாமா, செருப்பக் கூட விட்டுட்டுப் போறீகளேன்னு சிரிச்சேன்."

நான் அதையும் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி என் பேனாவையே பார்த்தார்.

"அப்ப விழுந்ததுனால இல்லையா டாக்டரம்மா?"

"நான் படிக்கிற பொண்ணுதான்க்கா. பெரிய டாக்டருங்க ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்லுவாங்க."

"காய்ச்சலுக்கும் நாந்தேன் மாத்திர வாங்கிக் குடுத்தேன். முதுகு வலிக்குதுன்னதுக்குத் தைலம் போட்டு நீவிவிட்டேன். அப்ப எந்தம்பி இல்ல. நாந்தேன் பாக்காம விட்டேனா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் என் கையில் இருந்த தாளில் எல்லாம் வரிசையாக இருந்தது, அந்த வரிசையில் தன் பங்கை எனக்குமுன் அவர் படித்துவிட்டார். "அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்றேன். அந்த வார்த்தை எங்கும் போய்ச் சேரவில்லை. கணவர் கையை நீட்டி அவர் சேலை நுனியைப் பிடித்தார். "விடு கழுத, இதப் போயி," என்றார். மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "அந்தச் செருப்பு வெவரத்த எழுதாதீக."

மறுநாள் காலையில் மேடத்திடம் தாள்களைக் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். அவருக்கு வியப்பில்லை. எக்ஸ்ரேயில் அடுத்தடுத்த இரண்டு முதுகெலும்புகளும் நடுவில் உள்ள தட்டும் சேர்ந்து கெட்டிருந்ததால், அவருக்கு ஏற்கெனவே காசநோய்ச் சந்தேகம் இருந்தது. எம்ஆர்ஐக்கு எழுதியிருந்தார். "ஸ்கேன் எப்படியும் சொல்லியிருக்கும்," என்றார். "ஆனா நீ அவர் வாயிலேருந்தே வாங்கிட்ட. இதுக்குத்தான் ஹிஸ்டரி கேக்குறது."

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். 'மனைவி மருத்துவரிடம் காட்டாமல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வந்ததால் நோய் முற்றியது' என்று எழுதியிருந்தேன்.

"இது யாரு சொன்னது?"

"அவங்களேதான் மேடம்."

"வாங்கிக் குடுத்தாங்கன்னு சொன்னாங்க. அதனால முத்துச்சுன்னு சொன்னது நீ. என்ன மாத்திரை, எவ்வளவு நாள், காய்ச்சல் விட்டுச்சா திரும்பி வந்துச்சா, அது போதும். கேஸ் ஷீட்டுல தீர்ப்பு எழுத இடம் கிடையாது."

மனைவி எழுதாதே என்று சொன்னதையும் சொன்னேன். மேடம் அந்தத் தாளை மறுபடியும் படித்தார். "செருப்ப எடுத்தா கேஸே இல்ல. அது இருக்கணும். ஆனா அத யார் பாத்தாங்கன்னு எழுத வேண்டாம். 'செருப்பு கழன்றதை உணரவில்லை.' அவ்வளவுதான்."

அன்று இரவு உணவுக்கு முன்பே திருத்தி முடித்தேன். ஓரிடத்தில் மட்டும் பேனா நின்றது. தகவல் தந்தவர் யார், அவர் சொன்னது நம்பத் தகுந்ததா என்று ஒரு கட்டம் உண்டு. 'நோயாளி, மனைவி. நம்பத் தகுந்தது' என்று எழுதினேன். அந்தப் பெண் தனக்கு எதிராகத் தானே சொன்ன சாட்சிக்கு நான் போட்ட முத்திரை மாதிரி இருந்தது.

எம்ஆர்ஐ வந்தது. காசநோயேதான். எலும்பு சரிந்து, சீழ் சேர்ந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. மேடம் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அழுத்தத்தை எடுக்க அறுவைச் சிகிச்சை வேண்டும், மாத்திரை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், கால் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. கடைசியாக மனைவியைப் பார்த்து, "முதுகு வலியையும் லேசான காய்ச்சலையும் பார்த்து யாரும் இத நினைக்க மாட்டாங்கம்மா. டாக்டருங்களே தவற விடுற நோய் இது," என்றார். அவர் சரி சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி வாசலில் நின்றபோது அக்கா தானே எழுந்து போனார். என்ன பேசினார் என்று எனக்குக் காதில் விழவில்லை. தம்பி உள்ளே வந்து கட்டில் அருகே நின்றார். "மாப்ள, ஒக்காரு," என்றார் நோயாளி. அவர் உட்காரவில்லை. அக்கா அவர் கையிலிருந்த தூக்கை வாங்கித் திறந்து, தட்டில் போட்டுக் கணவருக்கு ஊட்டினார். தம்பி அழுதார். பழி இறங்கிய நிம்மதியா, இத்தனை நாள் சுமந்த கோபமா, எனக்குப் புரியவில்லை. அக்கா அழவில்லை.

அறுவைச் சிகிச்சைக்காக அவரை மதுரைக்கு அனுப்பினார்கள். என் கேஸ் ஷீட்டுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. வாய்மொழித் தேர்வில் விறைப்பையும் துவளலையும் பற்றித்தான் கேட்டார்கள். பதில் சொன்னேன்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒருநாள் வெளிநோயாளிப் பிரிவில் அவரைப் பார்த்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தார். தம்பி ஒரு கையால் அவர் இடுப்பைத் தாங்கியிருந்தார். நடந்து வந்தவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"நடக்குறேன் பாத்தீகளா? மாத்திரையெல்லாம் ஒழுங்கா முழுங்கிப்புட்டேன்."

"அக்கா வரலையா?"

"வந்துருக்கா. அந்தா."

தூணுக்கு அருகே நின்றிருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். நான் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார், யாரென்று தெரிந்தது, கையிலிருந்த எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார். போய்ப் பேசலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.